100 கிலோ முட்டைக்கோழித் தீவனம்: சதுரம் சரியாக வந்தும் கணக்கு தப்பிய கதை

கல்லூரிக் கொட்டகையில் 50 வெள்ளை முட்டைக் கோழிகள். ஒரு தொகுதி தீவனத்தை நாங்களே கணக்குப் போட்டு, நாங்களே கலந்து, மூன்று வாரம் கொடுத்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்தப் பருவத்துச் செய்முறை. மூலப்பொருள் மக்காச்சோளமும் சோயாப் புண்ணாக்கும். கூடவே சுண்ணாம்புக்கல், டைகால்சியம் பாஸ்பேட், உப்பு, வைட்டமின்-தாது முன்கலவை. இரண்டு பொருளை எந்த விகிதத்தில் கலந்தால் வேண்டிய புரதம் வரும் என்று காட்டும் பியர்சன் சதுரத்தை வகுப்பில் பத்து முறையாவது போட்டிருந்ததால், அரை மணி வேலை என்று நினைத்துத்தான் உட்கார்ந்தோம்.

தேவைக்கு எடுத்தது அமெரிக்கத் தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 1994 கோழி அட்டவணை. அதில் முட்டைக் கோழிக்கான சதவீதம் மூன்று நிரல்களில் இருக்கும். கோழி ஒரு நாளைக்கு 80 கிராம் தின்றால் புரதம் 18.8 சதவீதம், 100 கிராம் தின்றால் 15, 120 கிராம் தின்றால் 12.5. முதல்முறை பார்க்கும்போது எந்த நிரலை எடுப்பது என்று குழப்பமாக இருக்கும். மூன்றையும் பெருக்கிப் பார்த்தால் விஷயம் புரிந்துவிடும்: எல்லாமே ஒரு நாளைக்கு 15 கிராம் புரதம்தான். கோழிக்கு வேண்டியது கிராம். சதவீதம் என்பது அது எவ்வளவு தின்கிறது என்பதைப் பொறுத்து நாம் போட்டுக்கொள்ளும் கணக்கு. அதனால் முதலில் ஒரு வாரம் பழைய தீவனத்தையே வைத்து, காலையில் வைத்ததையும் மறுநாள் மிஞ்சியதையும் எடை போட்டோம். கோழிக்குச் சராசரி 100 கிராம் வந்தது. நடு நிரல், 15 சதவீதம். இதுவரை சரி.

அப்புறம் சதுரம். இடது மேல் மூலையில் மக்காச்சோளத்தின் கச்சாப் புரதம் 8.5, கீழ் மூலையில் சோயாவின் 44, நடுவில் 15. குறுக்கே கழித்தால் மக்காச்சோளம் 29 பங்கு, சோயா 6.5 பங்கு, மொத்தம் 35.5. நூற்றுக்கு மாற்றினால் மக்காச்சோளம் 81.7 கிலோ, சோயா 18.3 கிலோ. திருப்பிப் பெருக்கிப் பார்த்தோம், புரதம் சரியாக 15 கிலோ வந்தது. சந்தோஷமாகக் கலந்தோம். கலந்த பிறகு 8 கிலோ சுண்ணாம்புக்கல், 1 கிலோ டைகால்சியம் பாஸ்பேட், 350 கிராம் உப்பு, 250 கிராம் முன்கலவை ஆகியவற்றை மேலே போட்டுப் புரட்டினோம். மூட்டைகளை எடை போட்ட நண்பன் "109.6 கிலோ இருக்குடா, கூடுதலா வந்திருக்கு" என்றான். யாருக்கும் உறைக்கவில்லை.

இரண்டாம் வாரக் கடைசியில் முட்டை எடையில்தான் முதல் சந்தேகம் வந்தது. எண்ணிக்கை பெரிதாகக் குறையவில்லை; ஆனால் தொடக்கத்தில் 58 கிராமாக இருந்த சராசரி எடை மூன்றாம் வாரத்தில் 56.4க்கு வந்துவிட்டது. புரதமோ அதில் உள்ள மெத்தியோனின் என்ற அமினோ அமிலமோ கொஞ்சமாகக் குறையும்போது கோழி முட்டையிடுவதை உடனே நிறுத்திவிடாது, முட்டையைச் சிறிதாக்கிப் பார்க்கும். கோழிக்கு வயது கூடக்கூட முட்டை எடையும் கொஞ்சம் ஏறத்தான் வேண்டும் என்பதால், எடை அப்படியே நின்றால்கூடக் கவனிக்க வேண்டியது. இது இறங்கியே விட்டது. மாதிரி எடுத்து ஆய்வகத்தில் ஜெல்டால் முறையில் நைட்ரஜன் பார்த்து 6.25ஆல் பெருக்கினால் புரதம் 13.5 சதவீதம்.

கொட்டகைக்குப் பொறுப்பான ஆசிரியையிடம் நோட்டைக் கொண்டுபோனோம். சதுரத்தைப் பார்த்தார், எதுவும் சொல்லவில்லை. "மொத்தம் எத்தனை கிலோ கலந்தீங்க?" என்று மட்டும் கேட்டார். அப்போதுதான் அந்த 109.6 எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. 15 கிலோ புரதம் 100 கிலோவில் இல்லை, 109.6 கிலோவில் பரவியிருக்கிறது. 15ஐ 109.6ஆல் வகுத்தால் 13.7. ஆய்வகம் சொன்னதும் கிட்டத்தட்ட அதேதான். புரதமே இல்லாத பொருளை மேலே கொட்டி நாங்களே நீர்த்துப்போகச் செய்திருக்கிறோம்.

மற்ற கால்நடைகளுக்கு இந்தத் தவறு இவ்வளவு பெரிதாகத் தெரியாது. வளரும் பன்றிக்கு மேலே போடுவது இரண்டு மூன்று கிலோதான் இருக்கும், பிழை அரை சதவீதத்துக்குள் ஒளிந்துகொள்ளும். முட்டைக் கோழிக்கு ஓட்டுக்காகவே எட்டு ஒன்பது கிலோ சுண்ணாம்புக்கல் போக வேண்டியிருப்பதால் சதுரத்தை அப்படியே போடுவது இங்கே ஒத்துவராது.

திருத்தம் எளிது, ஆனால் வரிசையைத் தலைகீழாக்க வேண்டும். புரதத்துக்குப் பங்களிக்காத, அளவு முன்னாலேயே தெரிந்த பொருள்களுக்கு முதலில் இடம் ஒதுக்க வேண்டும். மிச்சம் இருக்கும் இடத்துக்கு மட்டும்தான் சதுரம்.

எவ்வளவு ஒதுக்குவது? இதைக் கண்மூடித்தனமாக முடிவு செய்யவில்லை. அதே அட்டவணையில் கால்சியம் 3.25 சதவீதம், பைட்டேட்டில் சிக்காத பாஸ்பரஸ் 0.25 சதவீதம். சுண்ணாம்புக்கல்லில் 38 சதவீதம் கால்சியம் என்றால் 8 கிலோவில் 3.04 கிலோ. 1 கிலோ டைகால்சியம் பாஸ்பேட்டில் 0.22 கிலோ. தானியத்திலிருந்தும் புண்ணாக்கிலிருந்தும் சேர்த்து ஏறக்குறைய 0.07. மொத்தம் 3.33, போதும். பாஸ்பரஸுக்கு டைகால்சியம் பாஸ்பேட்டிலிருந்து 0.185, மற்ற இரண்டிலிருந்தும் 0.11, ஆக 0.295 வருகிறது, அதுவும் போதும். இதோடு உப்பும் முன்கலவையும் சேர்த்து 9.6 கிலோ. அமினோ அமிலம் ஏதாவது போட வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று 400 கிராம் காலியாக விட்டு, மொத்தம் 10 கிலோவை ஒதுக்கினோம்.

மிச்சம் 90 கிலோ. அந்த 90 கிலோதான் 100 கிலோவுக்கும் உரிய 15 கிலோ புரதத்தையும் சுமக்க வேண்டும். ஆகவே சதுரத்தின் நடுவில் வர வேண்டிய எண் 15 இல்லை. 15ஐ 90ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் வரும் 16.67.

```
மக்காச்சோளம்    8.5             27.33 பங்கு
                      16.67
சோயா           44.0              8.17 பங்கு
                               -------
                                35.50
```

மக்காச்சோளம்: 27.33 ÷ 35.50 × 90 = 69.29 கிலோ. சோயா: 8.17 ÷ 35.50 × 90 = 20.71 கிலோ. கடைசியில் 100ஆல் பெருக்கிவிடாமல் 90ஆல் பெருக்குவதைக் கவனிக்கவும். எங்கள் குழுவிலேயே ஒருத்தி பழக்கதோஷத்தில் நூறு போட்டுவிட்டாள். சரிபார்ப்பு: 69.29இல் 8.5 சதவீதம் 5.89 கிலோ, 20.71இல் 44 சதவீதம் 9.11 கிலோ, கூட்டினால் 15.

இங்கே ஒரு சின்னச் சோதனையைச் சொல்லிவிடுகிறேன், வகுப்பில் யாரும் அழுத்திச் சொல்லவில்லை. வலப்பக்கத்துப் பங்குகளின் கூட்டுத்தொகை இடப்பக்கத்து இரண்டு எண்களின் வித்தியாசத்துக்குச் சமமாக இருக்க வேண்டும். 44இல் 8.5 போனால் 35.5, கீழேயும் 35.5. இது பொருந்தாவிட்டால் ஒன்று கழித்தலில் பிழை, இல்லையென்றால் நடு எண் இரண்டுக்கும் இடையில் இல்லை. இரண்டாவதுதான் ஆபத்தானது. சதுரத்தில் கழித்தல் குறியை விட்டுவிடுகிறோம் அல்லவா, அதனால் நடக்கவே முடியாத கலவைக்கும் அது அழகாக ஒரு விடை கொடுத்துவிடும். சோயாவைத் தவிர்த்துவிட்டு மக்காச்சோளமும் கோதுமைத் தவிடும் மட்டும் வைத்து 16.67 கொண்டுவர முடியுமா என்று விளையாட்டாகப் போட்டுப் பார்த்தோம். தவிட்டின் புரதம் 15.7. பங்குகள் 0.97, 8.17 என்று வந்தன, மக்காச்சோளம் 10.6 சதவீதம், தவிடு 89.4 சதவீதம். பார்த்தால் நம்பும்படியாகத்தான் இருக்கிறது. பெருக்கிப் பார்த்தால் புரதம் 14.9. 15.7க்கு மேல் எதிலுமே இல்லாதபோது 16.67 எங்கிருந்து வரும்? கூட்டுத்தொகை 9.14, வித்தியாசமோ 7.2. அங்கேயே மாட்டிக்கொண்டிருக்கும்.

புரதம் முடிந்ததும் நோட்டை மூடிவிடத்தான் கை போகும். ஆனால் சதுரம் ஒரே ஒரு சத்தை மட்டும்தான் பார்க்கிறது. மற்றதெல்லாம் அதன்பாட்டுக்கு எங்கேயோ போய் நிற்கும்; எங்கே நிற்கிறது என்று ஒவ்வொன்றாகப் பெருக்கித்தான் பார்க்க வேண்டும். லைசின் 0.74 வந்தது, தேவை 0.69, கவலையில்லை. மெத்தியோனின் 0.25தான், தேவை 0.30. மெத்தியோனினும் சிஸ்டினும் சேர்ந்து 0.51, தேவை 0.58. புரதம் பத்துப் பைசா பிசகாமல் நிற்கும்போதே கந்தக அமினோ அமிலம் பற்றாக்குறை. மக்காச்சோளமும் சோயாவும் மட்டும் இருக்கும் கலவையில் முதலில் குறைவது இதுதான். எங்கள் முதல் தொகுதியில் நீர்த்துப்போனதும் சேர்ந்து மெத்தியோனின் 0.24க்கு இறங்கியிருந்தது. முட்டை சிறுத்ததற்குப் புரதத்தைவிட இதுவே பெரிய காரணம் என்பது என் கணிப்பு.

சோயாவைக் கூட்டி இதை ஈடுகட்டலாமா? கூடாது என்றில்லை. ஆனால் சோயாவில் இந்த இரண்டும் சேர்த்தே 1.28 சதவீதம்தான், அது வெளியே தள்ளும் மக்காச்சோளத்திலும் 0.36 சதவீதம் போய்விடும். ஒரு கிலோ மாற்றினால் நிகர லாபம் 9 கிராம். 66 கிராம் குறைவை அடைக்க ஏழு கிலோவுக்கு மேல் சோயாவைக் கூட்ட வேண்டியிருக்கும், புரதம் இரண்டரை சதவீதம் தேவையில்லாமல் ஏறும். அதற்குப் பதில் 99 சதவீதத் தூய்மையுள்ள டிஎல்-மெத்தியோனின் 70 கிராம் போதும். ஒதுக்கி வைத்த 400 கிராமில் இதைப் போட்டு, மிச்சம் 330 கிராமை மக்காச்சோளத்தால் நிரப்பினோம். கடைசிப் பட்டியல்: மக்காச்சோளம் 69.62, சோயா 20.71, சுண்ணாம்புக்கல் 8, டைகால்சியம் பாஸ்பேட் 1, உப்பு 0.35, முன்கலவை 0.25, மெத்தியோனின் 0.07. கூட்டினால் 100.00. இந்த முறை இரண்டு பேர் தனித்தனியாகக் கூட்டினோம்.

ஆற்றல்தான் கொஞ்சம் இடறியது. மக்காச்சோளத்துக்கு கிலோவுக்கு 3350 கிலோகலோரி, சோயாவுக்கு 2230 என்று போட்டால் கலவையில் ஏறக்குறைய 2790 வருகிறது. அட்டவணையின் 2900க்கு 110 குறைவு. எண்ணெய் சேர்க்கலாம் என்று ஒருவன் சொன்னான். சேர்க்கலாம்தான்; மக்காச்சோளத்துக்குப் பதில் 2 கிலோ போட்டால் சரியாகிவிடும். ஆனால் எண்ணெயிலும் புரதம் இல்லை, ஒதுக்கும் இடம் 12 கிலோ ஆகும், சதுரத்தை மறுபடி முதலிலிருந்து போட வேண்டும். அதற்கு முன்னால் ஆசிரியை ஒரு கேள்வி கேட்டார்: ஆற்றல் குறைந்தால் கோழி என்ன செய்யும்? முட்டைக் கோழி பெரும்பாலும் ஆற்றலுக்காகத் தின்கிறது. 2900 இருந்தபோது 100 கிராம் தின்றது 2790இல் 104 கிராம் தின்னப் பார்க்கும். அப்படித் தின்றால் 15 சதவீதப் புரதத்தில் நாளுக்கு 15.6 கிராம் கிடைக்கும், குறையாது, கூடத்தான் செய்யும். எண்ணெய் போடவில்லை. இதே தைரியத்தைக் கடும் வெயில் காலத்தில் காட்டியிருக்க மாட்டோம். வெப்பத்தில் கோழி தின்பதையே குறைத்துக்கொள்ளும், கூடுதலாகத் தின்று ஈடுகட்டும் என்று நம்பி இருக்க முடியாது. அப்போது 90 கிராமுக்கு இறங்கினால் 15 கிராம் புரதத்துக்கு 16.7 சதவீதம் வேண்டும், கணக்கே வேறு.

கலக்கும்போது ஒரு விஷயத்தில் மட்டும் மெனக்கெட்டோம். 70 கிராம் மெத்தியோனினை 100 கிராம் படியில் காட்டும் மேடைத் தராசில் எடை போட முடியாது. ஆய்வகத் தராசுக்குக் கொண்டுபோனோம். அதையும் முன்கலவையையும் உப்பையும் 2 கிலோ அரைத்த மக்காச்சோளத்தில் முதலில் கலந்து, அதை 10 கிலோவில் கலந்து, அப்புறம்தான் மொத்தக் குவியலில் சேர்த்தோம். நேராகக் குவியலில் தூவினால் ஒரு மூலைக் கோழிக்கு அள்ளிக் கொடுத்து மறுமூலைக் கோழிக்குக் கைவிரித்த கதையாகிவிடும். சுண்ணாம்புக்கல்லில் பாதியைக் குருணையாக எடுத்திருந்தோம்; இரைப்பையில் தங்கி, ஓடு உருவாகும் இரவு நேரத்தில் மெதுவாகக் கரையும் என்பதற்காக. அது மூட்டையின் அடியில் இறங்கிவிடுகிறது என்பதால் ஒவ்வொரு முறை அள்ளும்போதும் அடியோடு புரட்ட வேண்டியிருந்தது.

மாதிரி எடுத்துப் பார்த்ததில் புரதம் 14.8. மூன்றாம் வாரத்தில் முட்டைச் சராசரி 57.7 கிராமுக்குத் திரும்பியிருந்தது. தீவனம் கோழிக்கு 103 கிராம் செலவானது. 104 என்று கணித்திருந்தோம், ரொம்பப் பெருமைப்பட்டோம்.

பக்கத்துக் குழு வேறு மாதிரி மாட்டிக்கொண்டது. அவர்களும் 10 கிலோ ஒதுக்கித்தான் போட்டார்கள், ஆனால் சோயாவுக்கு அட்டவணை எண்ணை விட்டுவிட்டு, ஆய்வக அறிக்கையில் இருந்த 49.4ஐ எடுத்தார்கள். நல்ல சரக்கு என்று நினைத்திருக்கிறார்கள். அது ஈரத்தைக் கழித்துவிட்டு உலர் பொருள் அடிப்படையில் கொடுத்த எண். சரக்கில் உலர் பொருள் 89 சதவீதம், ஆகவே இருக்கிறபடி எடுத்தால் 49.4 × 0.89 = 44தான். மக்காச்சோளத்துக்கு மட்டும் இருக்கிறபடி 8.5ஐயே வைத்துக்கொண்டார்கள். ஒரே சதுரத்தில் மேலே ஓர் அடிப்படை, கீழே ஓர் அடிப்படை. சோயா 20.71க்குப் பதில் 17.98 கிலோ என்று வந்தது. உண்மைப் புரதம் 14.0க்குப் போய்விட்டது. கோழி அட்டவணைகள் பெரும்பாலும் இருக்கிறபடியான எடையில் இருக்கும், அசைபோடும் கால்நடைகளுக்கானவை உலர் பொருளில் இருக்கும். எதில் போட்டாலும் தப்பில்லை, மூன்று எண்களும் ஒரே அடிப்படையில் இருந்தால் சரி. உலர் பொருளில் போட்டிருந்தால் கடைசியில் ஒவ்வொரு பொருளையும் அதனதன் உலர் பொருள் விகிதத்தால் வகுத்துத்தான் தராசுக்குப் போக வேண்டும்.

இதைப் பார்த்த பிறகு எங்களுக்கும் ஒரு சந்தேகம் வந்தது. எந்தப் பொருளின் எண் தவறினால் அதிகம் அடிவாங்குவோம்? புரதம் அதிகம் உள்ள சோயாதான் என்று எல்லாரும் சொன்னோம். கணக்குப் போட்டால் நேர்மாறு. சோயாவில் ஒரு சதவீதம் குறைந்தால் கலவையில் 0.2தான் குறையும், ஏனென்றால் அது 20 கிலோதான். மக்காச்சோளத்தில் ஒரு சதவீதம் குறைந்தால் 0.7 போய்விடும். மாவுச்சத்துக்காகப் போடுகிறோம் என்று நாம் புரதத்தைக் கண்டுகொள்ளாத பொருள்தான் மொத்தப் புரதத்தில் ஐந்தில் இரண்டு பங்கைக் கொண்டுவருகிறது. ஒரே ஒரு மாதிரியைத்தான் ஆய்வகத்துக்கு அனுப்ப முடியும் என்றால் நான் மக்காச்சோளத்தை அனுப்புவேன்.

மூன்றாம் தொகுதிக்கு வந்த புது மக்காச்சோளத்தை அப்படி அனுப்பினோம். 7.8 என்று வந்தது. சதுரத்தை மறுபடி போட்டோம்: மேலே 27.33, கீழே 8.87, கூட்டுத்தொகை 36.2, வித்தியாசமும் 36.2. சோயா 22.05 கிலோ, மக்காச்சோளம் 67.95. புரதத்தோடு அமினோ அமிலமும் அதே விகிதத்தில் குறைந்திருக்கும் என்று வைத்துப் பார்த்ததில் மெத்தியோனின்-சிஸ்டின் கூட்டுத்தொகை 0.507, தேவைக்கு 73 கிராம் குறைவு. டிஎல்-மெத்தியோனினை 75 கிராமாக்கி, மிச்சம் 325 கிராம் இடத்தை மக்காச்சோளத்தால் நிரப்பி, மூட்டையைக் கட்டுவதற்கு முன்னால் மொத்த எடையைப் பார்த்தோம். 100 கிலோதான்.